ரெஸ்யூமை எதை வைத்துக் கழிக்கிறீர்கள்?

"மதுரையில் பேக்கெண்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறோம். இன்டர்வியூ பட்டியலில் எப்போதும் பசங்கள்தான். தரத்தைக் குறைக்காமல் பெண்களை எப்படிக் கொண்டுவருவது?"

முதலில் உங்கள் எச்.ஆர். எந்த விதியை வைத்து ரெஸ்யூமைக் கழிக்கிறார் என்று கேளுங்கள். வடபழஞ்சியில் எங்கள் சின்னக் கம்பெனியில் மூன்று விதிகள் இருந்தன: பத்தாவதிலிருந்து டிகிரிவரை 60 சதவீதம், அரியர் வைத்திருக்கவே கூடாது, வேலையில் ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி கூடாது. புரோகிராம் எழுத வருமா என்பதை இதில் ஒன்றுகூடச் சொல்லாது. இடைவெளி விதி, பிள்ளை பெற்றுவிட்டுத் திரும்பும் பெண்களை மொத்தமாகக் கழிக்கும். அரியர் விதி, தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் இங்கிலீஷோடு மல்லுக்கட்டிய முதல் தலைமுறைப் பட்டதாரியைக் கழிக்கும், ஆணோ பெண்ணோ.

மூன்றையும் எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே டெஸ்ட் வைத்தோம். பணம் வந்ததைப் பதிவுசெய்யும் ஒரு குட்டி புரோகிராம். ஒரே ஆர்டருக்குச் சில நேரம் இரண்டு பதிவு விழுகிறது. 90 நிமிடத்தில் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். எதற்கு எத்தனை மார்க், பாஸ் மார்க் எவ்வளவு என்பதை யாருடைய விடையையும் திறப்பதற்கு முன்பே எழுதிவைத்தோம். பெயரையும் கல்லூரியையும் எடுத்துவிட்டு எண் போட்டு, இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தினார்கள்.

பலர் `SELECT` செய்து பார்த்து, இல்லையென்றால் `INSERT` என்று எழுதியிருந்தார்கள். இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே "இல்லை" என்று பார்த்துவிட்டு இரண்டுமே எழுதிவிடும். ஒரு விடைத்தாளில் மட்டும் இது இருந்தது:

```sql
ALTER TABLE payments
ADD CONSTRAINT uq_order UNIQUE (order_id);
```

இதைப் போட்டால் ஒரே ஆர்டருக்கு இரண்டாவது பதிவை டேட்டாபேஸே மறுத்துவிடும். ஏற்கெனவே இரட்டையாக விழுந்த வரிகளை முதலில் நீக்காவிட்டால் இந்த வரியே ஓடாது என்றும் குறிப்பு. எழுதியவர் குழந்தைக்காக நான்கு வருடம் வீட்டில் இருந்தவர். பழைய விதிப்படி அவர் ரெஸ்யூம் எங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் இரண்டு நாள் அசைன்மென்ட் வேண்டாம். கைக்குழந்தை இருப்பவருக்கு அந்த இரண்டு நாள் கிடைக்காது.

சரி, விண்ணப்பமே வராவிட்டால்? எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் ரெஃபரல், அதாவது பசங்க வாட்ஸ்அப் குரூப். லேடி டோக், பாத்திமா போன்ற கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் இந்த வருட மாணவிகளை மட்டும் கேட்காதீர்கள். சென்னை, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பழைய மாணவிகளையும் கேளுங்கள். விளம்பரத்தில் ஷிப்ட் நேரத்தையும் கேப் வண்டி உண்டா என்பதையும் போடுங்கள். ஊருக்கு வெளியே ஆபீஸ் என்றால் பலர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

பாஸானவர்களில் பெண்கள் குறைவு என்றால் மார்க்கைத் தொடாதீர்கள், கடைசித் தேதியைத் தள்ளிவையுங்கள். விண்ணப்பித்த, டெஸ்ட் எழுதிய, பாஸான, வேலை கிடைத்த பெண்கள் எத்தனை பேர் என்று தனித்தனியாக எண்ணுங்கள். டெஸ்டுக்கே வரவில்லை என்றால் நேரத்தையோ இடத்தையோ மாற்றிப் பாருங்கள். பாஸாகியும் வேலை கிடைக்கவில்லை என்றால் இன்டர்வியூவில் உட்கார்ந்து கவனியுங்கள். "ராத்திரி வர முடியுமா?" என்ற கேள்வி பெண்களிடம் மட்டும் போகும். வேலைக்கு அது தேவை என்றால் பசங்களிடமும் கேட்கச் சொல்லுங்கள்.