பிள்ளையள் போன வீடு: கேள்வி பதில்

கேள்வி: சிநேகிதியின்ர மூத்தவன் கனடா, மற்றவள் லண்டன். கடைசியும் கலியாணம் முடிச்சு போன மாதம் சுவிஸ் போட்டாள். கிளிநொச்சியில அவ தனிய. "எப்ப வேணுமெண்டாலும் கூப்பிடு" எண்டு சொல்லிட்டு வந்தனான். இன்னும் கூப்பிடேல்ல.

பதில்: கூப்பிடமாட்டார், தங்கச்சி. "பிள்ளையள் நல்லா இருக்கத்தானே போனவை, இதுக்கும் அழுகையோ" என்று ஊர் கேட்கும் என்ற கூச்சம் அவருக்கு இருக்கும். நாள், நேரம், சாட்டு மூன்றையும் நீங்களே கொண்டு போங்கள். "செவ்வாய் பின்னேரம் ஐந்தரைக்கு வாறன், ஒடியல் மா கொண்டு வாறன், கூழுக்கு உறைப்பும் புளியும் நீதான் பார்க்கவேணும்" என்று சொன்னால் அவர் மறுக்க இடமில்லை.

கூழைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது ஒருவருக்காகக் காய்ச்சுகிற சாப்பாடு இல்லை. தனித்துப் போனவர்களிடம் முதலில் நிற்பது அடுப்புத்தான். ஒரு ஆளுக்கு ஏன் உலை வைப்பான் என்று பாணும் பிளேன்டீயுமாக நாள் போகும். பின்னேரத்தைச் சொன்னதும் சும்மா இல்லை. பிள்ளைகள் டியூசன் முடிந்து சைக்கிளில் வந்து இறங்கின நேரம், விளக்கு வைக்கிற நேரம், அதுதான் வீடு ஆகக் கனக்கிற நேரம்.

முதல் நாள் ஒரு மணித்தியாலம் போதும். வரும்போது உங்கள் சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், அடுத்த செவ்வாய்க்கு அது சாட்டு. மூன்றாம் நாலாம் கிழமையில் அவரிடம் ஒரு உதவி கேளுங்கள்: சட்டை ஒன்று தைக்க, பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க, எதுவாகவும் இருக்கட்டும். வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் அவரே விலகத் தொடங்குவார். பலர் பிழைவிடுவது வேறிடத்தில். முதல் கிழமை ஒவ்வொரு நாளும் போய், பிறகு ஒரேயடியாக நின்றுவிடுவார்கள். அந்த இரண்டாவது அமைதி முதலாவதைவிடக் கொடியது.

கேள்வி: இதெல்லாம் ஏன்? பிள்ளையளை ஒவ்வொரு நாளும் வீடியோ கோல் எடுக்கச் சொன்னால் சரிதானே?

பதில்: பாதி சரி. கோல் வேணும், ஆனால் மணிக்கூட்டைப் பாருங்கள். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். மகன் வேலை முடிந்து இரவு எட்டுக்கு எடுத்தால் இங்கே விடிய ஐந்தரை. எங்கள் இரவு ஏழு அங்கே காலை ஒன்பதரை, அவர் வேலையில் நிற்பார். ஆகவே கோல் வந்தாலும் அந்தப் பின்னேரம் வெறுமையாகத்தான் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணி என்று ஒரு கோலை நிலையாக்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் அது அங்கே எட்டரை ஆகும். மற்ற நாட்களின் பின்னேரம் அயலில் இருப்பவர்களுடையது.

கேள்வி: என்ர மகனும் கொழும்புக்குப் போகப்போறன் எண்டு நிக்கிறான். விடலாமோ?

பதில்: அது வேறு கேள்வி, அண்ணை. வீட்டில் இருந்து கதைத்து முடிவெடுங்கோ.

கேள்வி: எனக்கு ஆம்பிளைக் கூட்டாளி. வயல்காரன். மகன்மார் போனாப்பிறகு கேட்டால் "ஒண்டுமில்லை" எண்டுதான் சொல்லுறான்.

பதில்: முகத்தைப் பார்த்துக் கேட்டால் அதுதான் பதில். பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது கதை தானாக வரும். "என்ர வயலில பயிர் மஞ்சளடிக்குது, வந்து பார்" என்று கூட்டிப்போங்கள். காலபோகம் அறுத்து முடிந்த இடைவெளியைக் கவனியுங்கள். இரணைமடுவில் தண்ணி காணாமல் சிறுபோக விதைப்பைக் குறைத்த வருசம் அந்த இடைவெளி நீளும். கை சும்மா இருக்கிற அந்த மாதங்களில் குடி கூடும்.

கேள்வி: அவவின்ர நாலு பிள்ளையளில ஒருத்தன் 2009ல காணாமல் போனவன். மற்ற மூண்டும் வெளியில. அவனைப் பற்றிக் கதைக்கலாமோ, கூடாதோ?

பதில்: "மூன்று பிள்ளையள்" என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அவர் சொல்லும் எண்ணிக்கையே எண்ணிக்கை. மகனை "இருந்தவன்" என்றும் சொல்லாதீர்கள், "வருவான்" என்றும் சொல்லாதீர்கள். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே பெயரைச் சொல்லுங்கள். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்துக்குப் போகிறவர் என்றால், கூடப் போகட்டுமா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். மே மாதத்தில் வழமையைவிட அடிக்கடி போங்கள். பெயரை நீங்களே முதலில் எடுக்கலாமா என்பதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு அது குத்தல்.

கேள்வி: இது வெறும் கவலையோ, வருத்தமோ எண்டு எப்பிடித் தெரியும்?

பதில்: ஆள் வரும்போது கொஞ்சமாவது முகம் மாறினால், பொறுத்துப் பார்க்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் கெட்டு, குளிப்பு நின்று, கோழிக்குத் தீனி போடவும் மனமில்லாமல் இருந்தால் மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப்போங்கள். "இருந்து என்ன" என்ற பேச்சு வந்தால், "சாகவேணும் போல இருக்கோ" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஓம் என்றால் தனிய விடாதீர்கள். வீட்டில் கிடக்கிற பூச்சிமருந்துப் போத்தலை அன்றைக்கே எடுத்துப்போய், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.