கணுவில் காற்று அசையாதபோது அமுக்கம் மட்டும் எப்படி உச்சமாகிறது?

கேள்வி: கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கிறேன். ஒலியலையில் இடப்பெயர்ச்சியும் அமுக்கமும் ஏன் கால் சுற்று விலகி நிற்கின்றன? கணுவில் காற்று அசையாதென்றால் அங்கே ஒலியே இல்லையா?

பதில்: அமுக்க மாற்றத்தைத் தீர்மானிப்பது ஒரு காற்றுப்படை எவ்வளவு நகர்ந்தது என்பதன்று, தன் அயற்படையிலிருந்து எவ்வளவு வேறுபட்டு நகர்ந்தது என்பதே. இடப்பெயர்ச்சி உச்சமாகுமிடத்தில் அடுத்தடுத்த படைகள் ஏறத்தாழ ஒரே அளவு நகர்வதால் அவற்றின் இடைவெளி மாறுவதில்லை, அமுக்கமும் மாறுவதில்லை. இடப்பெயர்ச்சி பூச்சியமாகுமிடத்திலோ இருபக்கப் படைகளும் எதிரெதிராக வந்து நெருக்கலாம். அமுக்க மாற்றம் p, இடப்பெயர்ச்சி s, அலை செல்லும் திசையில் தூரம் x, நெருக்கத்துக்குக் காற்று காட்டும் எதிர்ப்பைக் குறிக்கும் மாறிலி B எனில், p = −B ∂s/∂x என்பது இதையே சொல்கிறது: சைனின் சரிவு கோசைன்.

பரிவுக் குழாயில் நீர்மட்டம் காற்றை அசையவிடாததால் அங்கே இடப்பெயர்ச்சிக் கணுவும் அமுக்க முரண்கணுவும் ஒன்றாக அமைகின்றன. சிறிய ஒலிவாங்கியொன்றை உள்ளே இறக்கினால் நீரை நெருங்க நெருங்கச் சைகை வலுக்கும், ஏனெனில் சாதாரண ஒலிவாங்கி உணர்வது அமுக்கத்தையே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: முன்னேறும் அலையில் ஒரே புள்ளியில் இரண்டும் காலத்தாலும் கால் சுற்று விலகும், நிலையான அலையிலோ இரண்டும் ஒரே கணத்தில் உச்சமடையும், விலகல் இடத்தில் மட்டுமே.

வன்னியின் 30 °C வெப்பத்தில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 349 m/s. 512 Hz இசைக்கவைக்குக் கால் அலைநீளம் 17.0 cm. எனினும் 1.5 cm ஆரையுள்ள குழாயில் முதற்பரிவு 16.1 cm அளவிலேயே கேட்கும். அமுக்கக் கணு வாய்க்குச் சற்று வெளியே, ஆரையின் 0.6 மடங்கு தொலைவில் அமைவதே காரணம்.