முதலில் தொட்டிலை எண்ணுங்கள்

கேள்வி: குழந்தைகள் சேனல் ஒன்றுக்கு அனிமேஷன் தாலாட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். காட்சிகள் திரும்பத் திரும்ப வர வேண்டுமாம், மெதுவாகப் போக வேண்டுமாம், எதுகை மோனையும் வேண்டுமாம். ஸ்கிரிப்டை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

உங்களுக்கும் "நாளைக்குள் முடியுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருப்பார்கள். ஒரு பழைய சினிமாத் தாலாட்டின் இணைப்பை அனுப்பி "இதே மாதிரி, ஆனால் இது மாதிரி இல்லாமல்" என்றும் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து இந்த மாதிரிப் பாட்டுகள் எழுதிக் கொடுக்கிறேன். நான் பெரிய கவிஞன் இல்லை. யாப்பு படித்தவர்கள் கீழே வந்து தளை தட்டுகிறது என்று எழுத வேண்டாம். இது காதுக்கு எழுதும் பாட்டு, தளை தட்டத்தான் செய்யும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது எனக்கும் தெரியும். அதனால்தான் போனைக் கவிழ்த்து வைத்தாலும் பாட்டு தனியாக நிற்கிற மாதிரி எழுதுகிறேன். "இங்கே பாரு, அங்கே பாரு" என்று படத்தைச் சுட்டுகிற வரி வைத்தால் பிள்ளை தலையைத் தூக்கும். பிறகு எங்கே தூங்க?

சரி, ஆரம்பம். வார்த்தையில் ஆரம்பிக்காதீர்கள், தொட்டிலின் ஆட்டத்தில் ஆரம்பியுங்கள். படத்தில் ஓயாமல் திரும்ப வரப்போவது அதுதான். எங்கள் வீடுகளில் உத்திரத்தில் சேலை கட்டித் தொட்டில் போடுவோம். உத்திரத்திலிருந்து பிள்ளை கிடக்கும் இடம் வரை ஏழடிக்குச் சற்று மேல் இருக்கும். அந்த நீளத்துக்கு ஒரு முறை போய்வர மூன்று விநாடி ஆகும். பள்ளிக்கூடத்தில் படித்த ஊசல் கணக்குதான் இது. "மெதுவாக வேண்டும்" என்று நான்கு விநாடி ஆக்கினால், அது பதின்மூன்றடிக் கயிற்றில் தொங்கும் தொட்டில் போலத் தெரியும். பார்க்கிறவர்களுக்குக் காரணம் புரியாது, ஆனால் ஏதோ கோளாறு என்று தோன்றும்.

மூன்று விநாடியை ஆறு எண்ணிக்கையாகப் பிரியுங்கள். போகும்போது தகிட, வரும்போது தகிட. இப்போது "ஆராரோ" என்று சொல்லிப் பாருங்கள். "ஆ" என்று இழுக்கும்போது தொட்டில் போகும், "ராரோ" என்னும்போது திரும்பி வந்துவிடும். நம் வீட்டுப் பெண்கள் எந்தக் கணக்கும் போடாமல் பிடித்த அச்சு இது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லும் இந்த அச்சில் விழ வேண்டும்: முதலில் இழுக்கத் தோதான ஒரு கனமான அசை, பின்னால் இரண்டு அசை. ஒரு வரிக்கு அப்படி இரண்டு சொல். அவ்வளவுதான்.

நான் எழுதியது இது:

காத்தாடி சுத்துது
பாத்தாலே சொக்குது
காத்தாடி ஓஞ்சாச்சு
ஆராரோ ஆராரோ

வள்ளமும் ஆடுது
வெள்ளத்தில் சாயுது
வள்ளமும் நின்னாச்சு
ஆராரோ ஆராரோ

கொக்கெல்லாம் போகுது
அக்கரை தேடுது
கொக்கெல்லாம் சேந்தாச்சு
ஆராரோ ஆராரோ

பிள்ளையும் பாக்குது
கள்ளமாய்த் தூங்குது
பிள்ளையும் ம்... ம்...
ஆராரோ ஆராரோ

மூன்றாவது பாட்டில் முதலில் "பறக்குது" என்றுதான் யாருக்கும் வரும். ஆனால் "ப" குறில், இழுக்க முடியாது. பாடுகிறவர் தொட்டில் போய்ச் சேரும் வரை இழுத்தே ஆக வேண்டும் என்பதால் "பாறக்குது" என்று பாடிவிடுவார். கொக்கு பாறையாகிவிடும். அதனால்தான் "போகுது". கடைசிப் பாட்டிலும் இதே சங்கடம். "தூங்கியாச்சு" என்றால் ஓர் அசை கூடுகிறது, "ஒறங்கியாச்சு" குறிலில் தொடங்குகிறது. சொல்லையே எடுத்துவிட்டு "ம்" வைத்தேன். ஓஞ்சாச்சு, நின்னாச்சு, சேந்தாச்சு என்று கேட்டுப் பழகிய காது அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

எதுகை விஷயத்திலும் சேனல்காரர்களோடு ஒரு வாக்குவாதம் நடந்தது. "ரைம் எங்கே?" என்றார்கள். அவர்கள் கேட்டது வரி முடிவில் வரும் இயைபு. தமிழில் "உது, உது" என்று முடிப்பதற்கு ஒரு சாமர்த்தியமும் வேண்டாம், வினைச்சொல்லே அப்படித்தான் முடியும். காது பிடிப்பது வரியின் தலையில் வரும் காத்தா, பாத்தா, வள்ள, வெள்ள, கொக்கெ, அக்க. தொட்டில் கிளம்பும் இடத்தில் எதுகை விழுவதால் ஆட்டத்தோடு சேர்ந்து ஒலிக்கும்.

இனி படம். விநாடிக்கு 24 பிரேம் வேகத்தில் ஓர் ஆட்டம் 72 பிரேம், ஒரு வரி 144, ஒரு பாட்டு 576, அதாவது 24 விநாடி. ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை பாடினால் மொத்தம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டாம் முறை நடு இரண்டு வரியை முனகலாக விட்டுவிடுங்கள். ஒரே ஜன்னல், முன்னால் தொட்டில், ஜன்னலுக்கு வெளியே பாட்டுக்கு ஒரு பொருள் மட்டும். முதல் பொருள் ஆரல்வாய்மொழிக் காற்றாலை. மூன்று இறக்கை என்பதால் முழுச் சுற்று வரைய வேண்டியதில்லை. 72 பிரேமில் 120 பாகை திரும்பினாலே முதல் படத்துக்கு வந்துவிடும்.

"ஓஞ்சாச்சு" வரியில் அது நிற்க வேண்டும், ஆனால் சட்டென்று நிற்கக் கூடாது. அந்த வரியின் 144 பிரேமுக்கும் ஒரே சீராக வேகத்தைக் குறைத்தால், அதுவரை போன வேகத்தில் 240 பாகை போயிருக்க வேண்டியது அதில் பாதி, 120 பாகை மட்டும் போய் நிற்கும். ஆரம்பித்த அதே நிலையில் நிற்கும். அடுத்த முறை பாட்டு வரும்போது அங்கிருந்தே கிளப்பலாம், தாவல் தெரியாது.

மெதுவாக்குவது என்றால் பாட்டின் தாளத்தைக் குறைப்பது என்று நினைத்துவிடாதீர்கள். தாளம் குறைந்தால் தொட்டில் கணக்கு கெடும். தாளம் அப்படியே இருக்கட்டும். வெளியே அசைகிற பொருள் ஒவ்வொன்றாக நிற்க வேண்டும், வார்த்தை குறைய வேண்டும், ஜன்னல் வெளிச்சம் பாட்டுக்குப் பாட்டு மங்க வேண்டும்.

கணக்கு கெட்டால் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிட்டேன். மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவர்தான் அனிமேஷன். அவருடைய மென்பொருள் 25 பிரேமில் இருந்திருக்கிறது. மூன்று விநாடிக்கு 75 பிரேம் போட்டு அனுப்பிவிட்டார், அது இங்கே 24இல் ஓடியது. ஆட்டத்துக்கு மூன்று பிரேம் பிந்தும். முதல் பாட்டில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் பாட்டு பாதியில் போன் வந்தது. "அண்ணே, பாட்டு போற பக்கம் தொட்டில் போக மாட்டேங்குது." பன்னிரண்டு ஆட்டத்தில் 36 பிரேம், சரியாகப் பாதி ஆட்டம் பிந்தியிருந்தது. "ஆ" என்று இழுக்கும்போது தொட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தது. "மக்கா, பிரேமை எண்ணிப் பாரு" என்றேன். கண்டுபிடித்துவிட்டார். திருத்தி அனுப்பிய கோப்பில் இன்னொரு கோளாறு இருந்தது: 73ஆவது பிரேமும் முதல் பிரேமும் ஒரே படம் என்பதால் 72ஓடு நிறுத்த வேண்டும். அதையும் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் ஒரு சின்ன விக்கல் வரும். ஒரு முறை பார்த்தால் தெரியாது, தொடர்ந்து ஓடவிட்டால்தான் தெரியும். எனவே எதையும் பத்து ஆட்டமாவது ஓடவிட்டுப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சேனல்காரர்கள் கேட்டதில் சிலவற்றை மறுத்தேன். கன்னியாகுமரி என்றதும் திருவள்ளுவர் சிலை வேண்டும் என்றார்கள். வள்ளுவர் 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே நின்றுகொண்டிருக்கிறார், ஆடவும் மாட்டார், ஓயவும் மாட்டார். இந்தப் பாட்டில் அவருக்கு என்ன வேலை? முட்டம் கலங்கரை விளக்கம் கேட்டார்கள். இருட்டுகிற படத்தில் ஓர் ஒளி வந்து வந்து போனால் சொக்கிய கண்ணும் திறக்கும். நடுவில் ஒரு முயல் எட்டிப் பார்க்கட்டும் என்றார்கள், "என்கேஜிங்"காக இருக்குமாம். தூங்கவைக்கும் படத்தில் எங்கேஜ் ஆக்கி என்ன செய்ய?

மாதிரிக் குரலை நானே முனகிப் பதிவு செய்து கொடுத்தேன், அது வேறு கதை. எங்கள் சாலையில் ராத்திரியானால் கேரளாவுக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள் வரிசைகட்டும். ஜன்னலைச் சாத்தி, மெத்தையைச் சுவரில் சாய்த்து, போர்வைக்குள் உட்கார்ந்து "ஆராரோ" என்றால் பின்னால் ஏர் ஹாரன். இங்கே ரோடு இடிந்துபோனதைப் பற்றி எழுதினால் "உங்க ஊர்ல ரப்பர் இருக்கு, காசு இருக்கு" என்று பதில் எழுதுகிறார்கள். ரப்பர் மரத்தைப் பெயர்த்தா ரோட்டில் போடுவது? விடுங்கள்.

கூலி விஷயம் ஒன்று இருக்கிறது, இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள். என்னிடம் வரிக்கு இவ்வளவு என்று பேசினார்கள். கணக்கு முடிக்கும்போது நான்கு "ஆராரோ" வரியையும் ஒன்றாக எண்ணினார்கள். இரண்டாம் முறை பாடுவது கணக்கில் இல்லை, "ம்... ம்..." வரியே இல்லையாம். அதே வரி திரும்ப வர வேண்டும் என்று கேட்டது அவர்கள்தான்! இந்த மாதிரி வேலைக்கு வரிக்கணக்கு ஒத்துவராது. முடிந்த படம் எத்தனை நிமிடமோ அதற்கு இவ்வளவு என்று பேசுங்கள், பிரேம் கணக்குத் தாளையும் ஸ்கிரிப்டோடு சேர்த்துக் கொடுத்து அதற்குத் தனியாக வாங்குங்கள், பாதியை எழுதத் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.