திரெட்டில் 5/9 எங்கே போனது?

கேள்வி: எக்ஸ் தளத்தில் நீளமான திரெட் ஒன்றைப் படித்தேன். 4/9-க்குப் பிறகு 6/9 வருகிறது, வாதம் ஒட்டவே இல்லை. நடுவில் இருந்ததைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பல நேரங்களில் உண்டு. முதலில் 6/9-ஐத் தனியாகத் திறந்து, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

திரெட்டில் முதல் பதிவைத் தவிர ஒவ்வொரு பதிவும் வேறொரு பதிவுக்கு எழுதிய பதில்தான். எதற்குப் பதில் என்பது பதிவிடும்போதே முடிவாகிவிடும். பிறகு மாற்ற முடியாது. 5/9-க்கான பதிலாக 6/9 எழுதப்பட்டு, 5/9 நீக்கப்பட்டிருந்தால், 6/9 தானாக மேலேறி 4/9-இல் ஒட்டிக்கொள்ளாது. அந்த இடத்தில், பதிவு எழுதியவரால் நீக்கப்பட்டது என்ற அறிவிப்புதான் நிற்கும்.

அறிவிப்பு எதுவும் இல்லாமல் 4/9-க்கு நேர்கீழே 6/9 இருந்தால் கதை வேறு. 6/9 தொடக்கத்திலிருந்தே 4/9-க்கான பதில் என்று அர்த்தம். எழுதியவர் 5/9, 6/9 இரண்டையுமே 4/9-க்கான பதிலாகப் போட்டிருப்பார். திரெட் அங்கே இரண்டு கிளையாகப் பிரிய, நீங்கள் ஒன்றில் போய்விட்டீர்கள். 4/9-ஐத் திறந்து மற்றவர்களின் பதில்களுக்கு நடுவே தேடுங்கள். கூட்டம் அதிகமென்றால் தேடல் பெட்டியில் இப்படிப் போடலாம் (பெயரும் தேதியும் உங்கள் திரெட்டுக்கு ஏற்றபடி):

```
from:username since:2024-03-01 until:2024-03-02
```

until நாள் கணக்கில் சேராது, அதனால் மறுநாளைப் போடுங்கள். அன்று அவர் எழுதியவை, பதில்கள் உட்பட, வரும். நீக்கப்பட்டது இதில் கிடைக்காது. அதற்கு web.archive.org-இல் திரெட்டின் முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம். நீக்கும் முன்பே யாராவது சேமித்திருந்தால்தான் பலன்.

எதுவும் கிடைக்காவிட்டால், 6/9-இன் முதல் வரியைக் கவனியுங்கள். உதாரணமாக, 4/9 இப்படி முடிகிறது: "90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்வது எல்லோருக்கும் ஒரே விதி." 6/9 இப்படித் தொடங்குகிறது: "ஆகவே, இரண்டாவது வகையினருக்கு மட்டும் இதைத் தளர்த்தலாம்." அப்படியென்றால் காணாமல் போன பதிவு ஆட்களைக் குறைந்தது இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறது, இரண்டாவது வகைக்கு ஏன் தளர்த்தலாம் என்று ஏதோ காரணமும் சொல்லியிருக்கிறது. இவ்வளவுதான் உறுதி. அந்த வகையினர் யார், காரணம் என்ன என்பதை நாமே இட்டு நிரப்பிக்கொண்டு, அதை மறுத்துப் பதில் எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம். அவரிடமே "5/9-இல் என்ன இருந்தது?" என்று கேட்டுவிடுங்கள்.

அவர் அதை மீண்டும் எழுதினாலும் பழைய இடத்தில் போய் உட்காராது. 4/9-க்கான பதிலாக அதைப் போட்டு, அதிலேயே 6/9-ஐ மேற்கோளாக இணைக்கச் சொல்லுங்கள். மேலிருந்து படித்து வருபவருக்கு அப்போது வழி கிடைக்கும்.