பூ வாங்கித் தந்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகிறது. வங்கியில் கடன் பிரிவில் வேலை. நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது என் கணவர் தங்கமானவர். காபி போட்டுத் தருவார், என்னைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ய மாட்டார். அவருடைய சொந்தக்காரர்கள் முன்னால் மட்டும் ஆளே மாறிவிடுகிறார். பக்கத்தில் உட்கார மாட்டார், முகம் பார்த்துப் பேச மாட்டார். போன மாதம் கொழுந்தனாரின் புதுவீட்டு கிரகப்பிரவேசத்தில் சின்ன மாமனார் வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிக் கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்ததும், "இவ பேங்க்ல வேலை பார்க்கிறதாத்தான் பேரு, வீட்டுக் கணக்கை நான்தான் பார்க்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி மல்லிகைப்பூ வாங்கித் தந்தார். இவரை எப்படிப் புரிந்துகொள்வது? எது உண்மையான முகம்?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இரண்டுமே அவர் முகம்தான். எது அசல், எது வேஷம் என்று தேட ஆரம்பித்தால் வீட்டில் அவர் அன்பாக இருக்கும்போதும் உங்களுக்குச் சந்தேகம் வரும். அந்தத் தேடலை விட்டுவிட்டு, அவர் யார் முன்னால், எந்தப் பேச்சு வரும்போது மாறுகிறார் என்று பாருங்கள்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துவிடலாம். பக்கத்தில் உட்காராமல் இருப்பதும், சபையில் கேலி செய்வதும் ஒரே கணக்கில் வராது. நம் பல குடும்பங்களில் பெரியவர்கள் முன்னால் பெண்டாட்டியோடு ஒட்டி உட்காராமல் இருப்பதைத்தான் மரியாதை என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் விசேஷ வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் திண்ணையில் ஆண்கள், அடுக்களைப் பக்கம் பெண்கள் என்றுதான் இருப்பார்கள். இது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், மெதுவாகப் பேசி மாற்றவும் முடியும். ஆனால் இதில் உங்களை மட்டம் தட்டும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் இதை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிடலாம்.

கேலி அப்படியில்லை. "பெரியவர்கள் முன்னால் அடக்கமாக இரு" என்று வளர்த்தவர்கள்கூட "அவள் வேலையைச் சொல்லிச் சிரி" என்று வளர்த்திருக்க மாட்டார்கள். அது அவராகச் செய்தது. தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், கல்யாணத்தை அரிப்பதில் சண்டையைவிட ஏளனத்துக்குத்தான் பங்கு அதிகம் என்கிறார். சண்டையில் இருவரும் சமமாக நிற்கிறார்கள். ஏளனத்தில் ஒருவர் மேலே ஏறிக்கொள்கிறார்.

சரி, ஏன் அங்கே செய்தார்? அன்றைய இடத்தைப் பாருங்கள். தம்பி வீடு கட்டிவிட்டார். சித்தப்பா கடனைப் பற்றி அண்ணனை விட்டுவிட்டு அண்ணியிடம் கேட்கிறார். அந்த விஷயம் அண்ணனைவிட அண்ணிக்கு நன்றாகத் தெரியும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். "இவன் பெண்டாட்டி பேச்சைத்தான் கேட்பான்" என்ற பேச்சு அந்த வீட்டில் முன்பே அடிபட்டிருந்தால், அதை அடக்க உங்களை ஒரு படி இறக்கிக் காட்டியிருக்கலாம். இது என் ஊகம்தான். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் அம்மா வீட்டிலும், அவருடைய நண்பர்கள் முன்னாலும் இதே பேச்சு வருகிறதா? நீங்கள் சமையலைப் பற்றிப் பேசும்போது வருகிறதா, பணத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் வருகிறதா? அவருடைய ஆட்கள் முன்னால், உங்களுக்கு அதிகம் தெரிந்த விஷயத்தில் மட்டும் வருகிறதென்றால் அது பயம். பேசித் தீர்க்க வழியிருக்கிறது. எல்லா இடத்திலும் வருகிறதென்றால் சொந்தக்காரர்கள் வெறும் சாக்கு.

அடுத்தது அந்த மல்லிகைப்பூ. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். செய்தது தவறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, பழக்கத்தில் வாய் தவறி வந்த பேச்சில்லை. பேச்சு கூடத்தில் நடந்தது, சமாதானம் யாரும் இல்லாத ரோட்டில் நடந்தது. கூடத்தில் இருந்தவர்கள் காதில் நிற்பது அந்தப் பேச்சு மட்டும்தான். கணவனே இப்படிச் சொன்னால் நாமும் சொல்லலாம் என்று நாளைக்கு உங்கள் ஓரகத்தியும் ஆரம்பிப்பார். பூவை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் அதோடு விஷயம் முடிந்துபோக விடாதீர்கள்.

பேச வேண்டும். விசேஷத்திலிருந்து திரும்பும் வண்டியில் வேண்டாம், அடுத்த விசேஷத்துக்குக் கிளம்பும் அவசரத்திலும் வேண்டாம். இருவரும் சாப்பிட்டு முடித்த ஒரு சாதாரண நாள் போதும். "நீங்க எப்பவுமே இப்படித்தான்", "உங்க குடும்பமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் அவர் தன் குடும்பத்துக்கு வக்கீலாகிவிடுவார். அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எடுத்துச் சொல்லுங்கள். "அன்னிக்கு 'வீட்டுக் கணக்கை நான்தான் பார்க்கணும்'னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அதுக்கு மேல பேச வாய் வரலை. நான் சொல்றது தப்புன்னா வீட்டுக்கு வந்து சொல்லுங்க, அங்க வேண்டாம்." இதோடு நிறுத்திவிட்டு அவரைப் பேச விடுங்கள்.

"விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பார். "எனக்கு விளையாட்டா இல்லை" என்பது போதும், விவாதம் வேண்டாம். "எங்க சித்தப்பா முன்னாடி எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தால் நல்ல அறிகுறி. குறுக்கே பேசாமல் முழுதாகக் கேளுங்கள், ஐந்து வருடமாகச் சொல்லாததைச் சொல்ல வருகிறார். "நீதான் எல்லாத்தையும் பெருசாக்குற" என்று உங்கள் மேலேயே திருப்பினால், அந்தப் பூவுக்கு நான் தந்த மதிப்பைக் குறைத்துக்கொள்கிறேன்.

என்ன கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். "சபையில் என்னை மதியுங்கள்" என்றால் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். கடன், வட்டி என்று யாராவது கேட்டால் "அவகிட்டயே கேளுங்க, அவ வேலையே அதுதான்" என்று அவர் வாயால் ஒரு முறை சொல்லட்டும். இதில் அவருக்கும் கௌரவம் இருக்கிறது, விவரம் தெரிந்த பெண்டாட்டி உள்ளவர் என்று பெயர் வரும்.

அப்புறம், மறுபடி நடந்தால் அந்த இடத்தில் என்ன செய்வது? சண்டை வேண்டாம், எழுந்து போகவும் வேண்டாம். கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். சங்கடத்தை மறைக்க நாம் சிரிப்போம், பார்ப்பவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அவர் பக்கம் திரும்பாமல், கேள்வி கேட்டவரைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்: "இல்ல மாமா, நான் சொல்ல வந்தது, இப்ப ஃப்ளோட்டிங் வட்டி ரெப்போ கூட ஏறி இறங்கும், அதனால..." அதே குரலில், அதே வேகத்தில் பேசினால் போதும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். தெளிவாகப் பேசிய பிறகும் அடுத்தடுத்த விசேஷங்களில் கேலி கூடுகிறது, உடம்பையோ குழந்தை விஷயத்தையோ தொடுகிறது, வீட்டிலும் அதே குரல் வர ஆரம்பிக்கிறது என்றால், இது நான் மேலே சொன்ன பயம் இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அவமானப்படுத்துவதையும் ஏளனம் செய்வதையும் வாய்மொழி, மனரீதியான வன்முறையில் சேர்த்திருக்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசலாம். உங்கள் கடிதத்தைப் படித்தவரை நீங்கள் அங்கே நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த விசேஷத்துக்கு முதல் நாள் நினைவூட்டாதீர்கள், முன்பு பேசியதே போதும். அந்த ஒரு வரியை அவர் சொல்லிவிட்டால், அன்று இரவு "சித்தப்பாகிட்ட சொன்னது கேட்டுச்சு" என்று மட்டும் சொல்லுங்கள்.