பாதி எங்கே போனது?

"ஜேசி பயிற்சித்தாளில் வெற்றிடத்தில் செல்லும் சைன் வடிவ மின்காந்த அலைக்கு E₀ = 60 V/m, சராசரி செறிவு I எவ்வளவுன்னு கேள்வி. E₀B₀/μ₀ போட்டால் 9.55 W/m² வருது, விடையில் 4.77. எங்கே தப்பு?"

தம்பி, B₀ சரியாத்தான் எடுத்திருக்கீங்க: E₀/c = 60/(3×10⁸) = 2.0×10⁻⁷ T. ஆனா 9.55 என்பது அலையின் உச்சி கடக்கும் அந்த ஒரு கணத்து மதிப்பு. E, B இரண்டும் ஒரே கட்டத்தில் ஏறி இறங்குவதால் பெருக்கல் sin² ஆகிறது. அதன் சராசரி ½. அதனால்:

I = E₀B₀/(2μ₀) = 4.77 W/m²

ஆற்றல் அடர்த்தி வழியாகவும் பாருங்க: ½ε₀E₀² = 1.59×10⁻⁸ J/m³. இதை c-ஆல் பெருக்கினாலும் அதே 4.77 கிடைக்கும்.

முக்கியமா, கேள்வியில் 60 V/m ஆர்எம்எஸ் மதிப்பு என்று இருந்தால் ½ போடக்கூடாது. அப்போது 9.55தான் சரி. பலர் ஆர்எம்எஸ்ஸையும் எடுத்து, ½-ஐயும் போட்டுப் பாதியை இரண்டு தடவை கழித்துவிடுகிறார்கள்.