விதவையின் இத்தா நான்கு மாதமா, ஒரு வருடமா? நஸ்க் பற்றி வந்த கேள்விகள்

நஸ்க் என்றால் குர்ஆனிலிருந்து வசனத்தையே எடுத்துவிடுவதா?

பெரும்பாலும் இல்லை. ஒரு வசனம் தந்த சட்டத்தைப் பின்னால் இறங்கிய இன்னொரு ஆதாரம் முடிவுக்குக் கொண்டுவருவதைத்தான் நஸ்க் என்கிறார்கள். மாற்றுவது நாஸிக், மாற்றப்பட்டது மன்ஸூக். சட்டம் போய்விடும், வசனம் குர்ஆனில் அப்படியே இருக்கும், தொழுகையில் ஓதவும் செய்யலாம். ஓதுதலே நீங்கிவிட்டதாகச் சொல்லப்படும் வகைகளும் உண்டு. ஆனால் அவை ஹதீஸ்களை வைத்து வந்த தனி விவாதம், இங்கே வேண்டாம். இந்தக் கருத்துக்கு அறிஞர்கள் முதலில் காட்டுவது, ஓர் ஆயத்தை மாற்றினால் அதைவிடச் சிறந்ததையோ அதைப் போன்றதையோ தருவோம் என்று சொல்லும் 2:106. அதில் வரும் 'ஆயத்' என்ற சொல் முந்தைய வேதங்களின் சட்டத்தைத்தான் குறிக்கிறது என்று சொல்லி, குர்ஆனுக்குள் நஸ்க்கே கிடையாது என்று வாதிட்ட அபூ முஸ்லிம் அல்இஸ்ஃபஹானி போன்றவர்களும் இருந்தார்கள்.

2:234 விதவை இத்தாவாக, அதாவது மறுமணத்துக்கு முன், நான்கு மாதம் பத்து நாள் காத்திருக்கச் சொல்கிறது. 2:240 ஒரு வருடம் என்கிறது. பின்னால் இருப்பதுதானே செல்ல வேண்டும்?

எல்லாரும் இடறுகிற இடம் இது. குர்ஆனில் வசனங்கள் இருக்கும் வரிசை வேறு, இறங்கிய வரிசை வேறு. ஒரு வருட வசனம்தான் முதலில் இறங்கியது, அடுக்கில் முன்னால் நிற்கும் 2:234 பின்னால் இறங்கி அதை மாற்றியது என்பதே பெரும்பான்மையினர் கருத்து. 2:240 சொல்லும் ஒரு வருடச் செலவுக்கான வஸிய்யத்தையும், அதாவது மரண சாசனத்தையும், மனைவிக்குக் கால் அல்லது எட்டில் ஒரு பங்கு தரும் வாரிசுரிமை வசனமான 4:12 மாற்றிவிட்டது என்பார்கள்.

உங்கள் குழப்பம் ஒன்றும் புதிதில்லை. குர்ஆன் பிரதியெடுக்கப்பட்ட காலத்தில் இப்னு ஸுபைர் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடமே, 2:240-ஐ இன்னொரு வசனம் மாற்றிவிட்டதே, பிறகு ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். "என் சகோதரன் மகனே, எதையும் அதன் இடத்திலிருந்து நான் மாற்ற மாட்டேன்" என்பது பதில். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. சட்டம் போனாலும் எழுத்து நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் 2:240 மன்ஸூக் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்தா?

இல்லை, சுவாரசியமே இங்கேதான். நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையான தாபிஈன்களில் பெரிய விரிவுரையாளரான முஜாஹித் இரண்டு வசனங்களும் நடப்பில் இருப்பவை என்றார். நான்கு மாதம் பத்து நாள் அவள் மேல் கடமை, மீதி ஏழு மாதம் இருபது நாள் அவளுக்கு உள்ள உரிமை, விரும்பினால் கணவன் வீட்டில் தங்கலாம், விரும்பினால் போகலாம். "அவர்களாக வெளியேறினால் உங்கள் மீது குற்றமில்லை" என்று 2:240-லேயே வருகிறதே, அதுதான் அவருக்குப் பிடி. கூட்டிப் பாருங்கள், சரியாகப் பன்னிரண்டு மாதம்! என்னைக் கேட்டால், வசனத்தின் சொற்களோடு இது நன்றாகவே பொருந்துகிறது, ஆனால் சட்டப் பள்ளிகளான மத்ஹபுகளின் சட்டம் பெரும்பான்மைக் கருத்தின் மேல்தான் நிற்கிறது.

மன்ஸூக் ஆனவை 200 வசனங்களுக்கு மேல் என்கிறார் ஒருவர், இன்னொருவர் ஐந்து என்கிறார். யார் சொல்வது சரி?

சொல்லின் பொருள் சுருங்கியதுதான் முக்கியக் காரணம். ஆரம்பகாலத்தில் விதிவிலக்கு, வரையறை, விளக்கம் எல்லாவற்றையும் நஸ்க் என்றே சொல்லிவந்தார்கள். உதாரணமாக, கர்ப்பிணியின் இத்தா பிரசவம் வரை என்கிறது 65:4. கர்ப்பிணி விதவை இதன்படி 2:234-லிருந்து விலக்கப்படுகிறாள் என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆனால் மற்ற விதவைகளுக்கு 2:234 அப்படியே செல்லும், ஆகவே பிற்காலத்தவர் பார்வையில் இது நஸ்க் அல்ல, பொதுச் சட்டத்திலிருந்து சிலரை மட்டும் விலக்கும் தக்ஸீஸ். இப்படிக் கழித்துக்கொண்டே வந்து குர்ஆன் அறிஞர் சுயூத்தி சுமார் இருபதில் நிறுத்தினார், அவருக்குப் பின் வந்த இந்திய அறிஞர் ஷா வலியுல்லாஹ் ஐந்தில் நிறுத்தினார். அந்த ஐந்து: உறவினர்களுக்கான வஸிய்யத் (2:180), நாம் பார்த்த 2:240, இருபது பேர் இருநூறு பேரை எதிர்த்து நிற்பது (8:65, அடுத்த வசனமே இதை ஒருவருக்கு இருவர் என்று குறைக்கிறது), நபியவர்களின் திருமணம் பற்றிய 33:52, நபியவர்களிடம் தனியாகப் பேசும் முன் தர்மம் செய்யச் சொன்ன 58:12.

இணைவைப்பாளர்களோடு போரிடச் சொல்லும் 9:5 வசனம் நூற்றுக்கு மேற்பட்ட பொறுமை வசனங்களை ரத்து செய்துவிட்டதாமே?

அப்படி எழுதியவர்கள் உண்டு, பழைய பட்டியல்கள் வீங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சுயூத்தியே இதை நஸ்க் என்று ஏற்கவில்லை. பலவீனமான நிலையில் பொறுமை, நிலை மாறினால் வேறு கட்டளை, அந்த நிலை திரும்பினால் பழைய கட்டளையும் திரும்பும் என்றார். மன்ஸூக் ஆனது திரும்பாது, அதுதான் வித்தியாசம். அப்புறம், 9:5-ஐ மட்டும் காட்டுபவர்களிடம் 9:6-ஐயும் படிக்கச் சொல்லுங்கள். புகலிடம் கேட்டு வரும் இணைவைப்பாளருக்குப் புகலிடம் கொடுத்து, பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது அது.